மேற்படி முகவரி

பயப்படுவது அவளுக்குச் சம்பளமில்லாத இரண்டாவது உத்தியோகம். லிஃப்டில் ஏறினால் கயிறு அறுந்துவிடுமோ என்று பயம். படியில் ஏறினால், லிஃப்டில் போனவர்கள் என்ன ஆனார்களோ என்று பயம். தொலைபேசி அடித்தால் யாரோ போய்ச்சேர்ந்துவிட்டார்கள். அடிக்காவிட்டால், சேதி சொல்லக்கூட ஆள் மிச்சமில்லாமல் எல்லோருமே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். ஒருமுறை அவள் பயந்த பயத்தில் பக்கத்து வீட்டுப் பால் திரிந்தது. நம்பாதவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், அது வேறு விஷயம்.

அவளுடைய வீட்டுக்காரர் பேருந்து நடத்துநர். நாள் முழுக்க ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு ஆளை இருக்கையில் உட்கார வைக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்வார். மாமியார் அதைவிட ஒரு படி மேல். “இவளைக் காவலுக்கு வச்சா திருடன் வரமாட்டான். அவன் வர்றதுக்கு முன்னாடியே இவ ஊரைக் கூட்டிருவா” என்பார். கல்லூரிக்குப் போகும் மகள் மட்டும், வெளியே போகும்போதெல்லாம், “அம்மா, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்” என்று போனில் சொல்லிவிடுவாள். அது அந்த வீட்டில் வணக்கம் சொல்வது போல.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் “மேற்படி”. அந்தப் பெயர் வந்த கதையும் அவள் பட்ட பாடும் ஒரே கதைதான்.

முடிதிருத்தகத்துக்கு மேலே இரண்டு அறை. கீழேயிருந்து கத்தரிக்கோல் சத்தமும் பவுடர் வாசனையும் ஏறி வரும். கதவில் “வீட்டு உபயோகப் பொருட்கள், மொத்தமும் சில்லறையும்” என்று பலகை. உள்ளே போய்ப் பார்த்தால் விற்பதற்கு ஒரு கரண்டிகூட இருக்காது. மூன்று மேசை, மூன்று கணினி, ஒரு பிரிண்டர், தண்ணீர்க் குடம். அவ்வளவுதான். சரக்கே இல்லாத சரக்குக் கடை.

வியாபாரம் இப்படி நடக்கும். ஒருவர் இணையத்தில் பார்த்தோ, போன் போட்டோ இவர்களிடம் பொருள் கேட்பார், பணமும் கட்டுவார். இவர்கள் அதே பொருளை ஒரு சப்ளையரிடம் வாங்குவார்கள். ஆனால் பொருள் இந்த அறைக்கு வராது. சப்ளையரின் கிடங்கிலிருந்து நேராக, வாங்கியவர் சொன்ன விலாசத்துக்குப் போய்விடும். பெட்டியின் மேல் சப்ளையர் பெயர் இருக்கக்கூடாது, உள்ளே அவர் விலையும் இருக்கக்கூடாது. இவர்கள் கடையின் ஸ்டிக்கர்தான் இருக்கும். இல்லாவிட்டால் வாங்கியவர் மறுமுறை நேரே சப்ளையரிடம் போய்விடுவாரே! ஆகவே சப்ளையர் இவர்களுக்கு ஒரு பில் போடுவார். இவர்கள் வாங்கியவருக்கு இன்னொரு பில் போடுவார்கள். பில் போகிற வீடு ஒன்று, பொருள் போகிற வீடு ஒன்று, பொருள் கிளம்பின இடம் இன்னொன்று. நடுவிலே இந்த இரண்டு அறை. பிள்ளையார் கண்ணில் படாமல் கொழுக்கட்டை பறந்துபோகிற மாதிரி என்று முதலாளி பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பில்களையெல்லாம் போடுவது இவள் வேலை. அதற்கு முன் பல வருஷம் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் கையெழுத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். “மேற்படி சொத்து”, “மேற்படி நபர்”, “மேற்படி கிணறு” என்று எழுதி எழுதி அந்தச் சொல் விரலில் ஊறிவிட்டது. ஒரே ஆள் ஒரே விலாசத்துக்கு இரண்டு பொருள் கேட்டால், முதல் வரியில் விலாசத்தை முழுசாக அடிப்பாள்; அடுத்த வரியில் “மேற்படி” என்று போட்டுவிடுவாள். பில் வாங்குகிறவர் வீட்டுக்கே பொருளும் போகிறதென்றால் அதற்கு “அதே” என்று ஒரு தனிச் சொல் வைத்திருந்தாள். “அதே” என்றால் பக்கத்துக் கட்டம். “மேற்படி” என்றால் மேல் வரி. இந்த இலக்கணம் அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு யாரிடமும் சொன்னதில்லை; யாரும் கேட்டதும் இல்லை.

காகிதத்தில் எழுதிய வரி எழுந்து நடக்காது. கணினியில் நடக்கும். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்ததும் பழகினதும் சண்டை போட்டால் எது ஜெயிக்கும் என்று நான் சொல்லவேண்டுமா?

குளிர் ஆரம்பித்த ஒரு நாள் காலை. சப்ளையரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. முதுகுவலிக்கு வைத்துக்கொள்கிற ஒத்தடப் பை, மின்சாரத்தில் சூடாவது. அதில் ஒரு தொகுப்பில் சூட்டை நிறுத்துகிற பாகம் கோளாறு. சூடு ஏறிக்கொண்டே போகும், தானாக நிற்காது. எங்கோ ஒரு வீட்டில் மெத்தை எரிந்திருக்கிறது. வாங்கியவர்கள் யாரும் உடனடியாக உபயோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிடவும். கீழே ஆர்டர் எண்களின் பட்டியல்.

அவள் அதை வாசித்தாள். பிறகு எழுந்து நின்று வாசித்தாள்.

“கொக்கு, இங்க வா. சீக்கிரம் வா.”

கொக்கு என்பது அடுத்த மேசைக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், அதில் பாதி கழுத்து. வாடிக்கையாளர்களோடு பேசுவதும், சப்ளையரின் இணையதளத்தில் ஆர்டர் போடுவதும் அவர் வேலை. அவளைவிட வயதில் கொஞ்சம் இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னக்கா, பல்லி விழுந்துச்சா?”

“விளையாடாத. படி.”

அவர் படித்தார். கழுத்து கொஞ்சம் குட்டையாயிற்று.

இருவரும் ஷீட்டைத் திறந்து ஒத்தடப் பை வரிகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். ஆர்டர் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு கை விரல்களுக்குச் சற்று அதிகமான வீடுகள். மேல்பாதி அவருக்கு, கீழ்பாதி அவளுக்கு என்று பங்கு போட்டுக்கொண்டு போனை எடுத்தார்கள்.

அவள் பங்கில் முதல் வரியிலேயே டெலிவரி விலாசம், தொலைபேசி இரண்டிலும் “மேற்படி” என்று இருந்தது. கை பழக்கத்தில் மேல் வரிக்குப் போயிற்று. அந்த எண்ணை அழுத்தினாள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எடுத்தார்.

“வணக்கம்மா. நீங்க வாங்கின ஒத்தடப் பை இருக்கே, அதை தயவுசெஞ்சு…”

“போடக்கூடாது, அதானே? இப்பத்தானேம்மா ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு ரெண்டு பேரா சொல்றீங்க, அவ்ளோ ஆபத்தா?”

“யாரு சொன்னாங்க?”

“உங்க ஆபீஸ்தான். கரகரன்னு ஒரு குரல்.”

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கொக்கு கரகரவென்று வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்ல எத்தனை பை இருக்கும்மா?”

“ஒண்ணுதான். எனக்கு இருக்கிறதே ஒரு முதுகு.”

அவள் போனை வைத்தாள். வைத்த கை மேசையிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த “மேற்படி” டீச்சர் வீடு இல்லை. மற்ற வரிகளை ஒதுக்கியதில் டீச்சர் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவளுடைய மேல் வரி எங்கே?

பில் கட்டத்தைப் பார்த்தாள். கப்பலில் வேலை பார்க்கிற ஒருவருடைய பெயர். உடனே ஞாபகம் வந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்ற நேரத்தில் போன் போட்டு, அவசர அவசரமாகச் சொன்னார். “அம்மா தனியா இருக்காங்க மேடம். ஒரு கைத்தடி, ஒரு ஒத்தடப் பை. பில் என் ஃப்ளாட்டுக்கு. பொருள் அம்மா வீட்டுக்கு. எழுதிக்கிறீங்களா?” அவள் நேராக ஷீட்டில் அடித்தாள். கைத்தடி வரியில் அம்மாவின் விலாசம் முழுசாக. ஒத்தடப் பை வரியில் “மேற்படி”. கொக்கு அன்றே ஒத்தடப் பையை சப்ளையரின் தளத்தில் ஆர்டர் போட்டுவிட்டார். கைத்தடி கையிருப்பில் இல்லை, ரத்தாயிற்று. ரத்தான வரி கண்ணை உறுத்துகிறது என்று முதலாளி மாதா மாதம் உட்கார்ந்து களை பிடுங்குவார். கைத்தடியைப் பிடுங்கினார். அதோடு அந்த அம்மாவின் வீடும் போயிற்று.

கப்பல்காரர் எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மீண்டும் அடித்தாள். கடல் எடுக்கவில்லை.

“கொக்கு, நீ போட்ட ஆர்டர்ல விலாசம் இருக்கும்ல?”

அவர் தளத்தைத் திறந்தார். ஆர்டர் எண், பொருள், “சேர்ப்பிக்கப்பட்டது” என்று ஒரு பச்சை டிக். விலாசம் இருந்த இடத்தில் நட்சத்திரங்கள்.

“சேர்ந்ததுக்கு அப்புறம் அவங்க மறைச்சிருவாங்கக்கா. தனியுரிமையாம்.”

“வானத்துல இருக்க வேண்டிய நட்சத்திரமெல்லாம் இங்க வந்து உக்காந்திருக்கே!”

முதலாளி வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தப் பிரச்சினையிலும் அதன் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு பில்லின் நகலை அச்செடுத்துப் பார்த்தார். மேலே “பில் பெறுபவர்” கட்டம். கப்பல்காரரின் ஃப்ளாட் விலாசம். அதற்கு நேர் கீழே “பொருள் பெறுபவர்” கட்டம், அதில் “மேற்படி”.

“இதுல என்னம்மா குழப்பம்? மேல என்ன இருக்கு? ஃப்ளாட். கீழ மேற்படி. அப்ப பொருளும் ஃப்ளாட்டுக்குத்தான் போயிருக்கு. ஆள் கப்பல்ல. வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்ல யார் ஒத்தடம் கொடுக்கப் போறா?”

“சார், ஃப்ளாட்டா இருந்தா நான் ‘அதே’ன்னு போட்டிருப்பேன்.”

“அதேயும் மேற்படியும் ஒண்ணுதானேம்மா?”

“இல்ல சார். அதே வேற. மேற்படி வேற.”

முதலாளி கொக்கைப் பார்த்தார். கொக்கு மேற்கூரையைப் பார்த்தார்.

“ஃப்ளாட்டுக்கு ஒரு பதிவுத் தபால் போட்டுருவோம். நம்ம கடமை முடிஞ்சது” என்றார் முதலாளி.

அவள் வழக்கமாக இந்த இடத்தில் “சரி சார்” என்றிருப்பாள். முதலாளியிடம் பயம், வேலை போய்விடுமோ என்று பயம், சத்தமாகப் பேசினால் ரத்த அழுத்தம் ஏறுமோ என்று பயம். ஆனால் அன்று ஒரு பயம் மற்ற எல்லாப் பயங்களையும் முழுங்கிவிட்டு நின்றது. எங்கோ ஓர் அம்மா, பிள்ளை அனுப்பினதாயிற்றே என்று முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். அந்தப் படுக்கையின் விலாசம் இவள் விரலில் இருந்தது. இவள்தான் சோம்பேறித்தனமாக அதை எழுதவில்லை.

“சார், நான் சப்ளையருக்குப் போன் போடறேன்.”

“போடு. வேண்டாம்னா சொன்னேன்?”

சப்ளையரின் அனுப்புகிற பிரிவில் ஒரு மனிதர் எடுத்தார். ஆர்டர் எண்ணைச் சொன்னாள். விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓர் இழுப்பு.

“இது எங்க கிடங்குலேர்ந்து போகலையேம்மா. அன்னிக்கு எங்ககிட்ட ஸ்டாக் இல்ல. தயாரிக்கிற இடத்துலேர்ந்தே நேரா அனுப்பச் சொல்லிட்டோம்.”

“உங்க பில்லுல உங்க பேர்தானே இருக்கு?”

“பில் நாங்கதான் போடுவோம். பொருள் அவங்க அனுப்புவாங்க. நீங்க பண்றதைத்தான் நாங்களும் பண்றோம். இதுல என்ன ஆச்சரியம்?”

“அப்ப விலாசம்?”

“சேர்ந்ததும் எங்க பக்கமும் நட்சத்திரம்தான். கூரியர் ரசீது அவங்ககிட்ட இருக்கும்.”

“அவங்க நம்பர் கொடுங்க.”

எதிர்முனை தொண்டையைச் செருமியது. அந்தச் செருமலின் அர்த்தம் அவளுக்குப் புரியும். தயாரிக்கிறவன் எண் கையில் கிடைத்தால் நாளைக்கு இந்தச் சப்ளையர் எதற்கு? இவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் மறைப்பதை, அவர் இவர்களிடம் மறைக்கிறார்.

இந்தப் பக்கம் முதலாளியும் வேண்டாம் என்று கையசைத்தார். “தாண்டிப் போகாதம்மா. நாளைக்கு சரக்கு தரமாட்டான்.”

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சார், நான் உங்ககிட்டயிருந்து எந்த வியாபாரத்தையும் எடுக்க வரல. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அந்த அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் உங்க பேரை சொல்லிச் சொல்லி அழுவேன். விசாரிக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன். எனக்கு வாய் நிக்காது சார். பயத்துல நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது.”

அவர் எண்ணைக் கொடுத்தார். மிரட்டினாளா, அழுதாளா என்று அவருக்கே விளங்கியிருக்காது. கொக்குக்கும் விளங்கவில்லை.

தயாரிக்கும் இடத்தில் போனை எடுத்தது பெட்டி கட்டுகிற பெண். பின்னால் டேப் கிழிக்கிற சத்தம்.

“உங்க ஸ்டிக்கரா? இருங்க பாக்கறேன். ஒரே ஒரு பெட்டி போயிருக்கு உங்களுக்கு. விலாசம் சொல்லவா?”

“சொல்லும்மா. மெதுவா சொல்லு.”

அவள் சொன்னாள். இவள் எழுதினாள். ஒரு எழுத்துகூட சுருக்கவில்லை. நகரத்தின் மறுகோடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரிசை வீடுகள்.

“போன் நம்பர் இருக்கா?”

“இருக்கு.” அந்தப் பெண் எண்ணை வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் இவள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். அது இந்த அலுவலகத்தின் எண். சப்ளையர் பெயர் வெளியே தெரியக்கூடாது, கூரியர்காரர் கூப்பிட்டாலும் கடைக்குத்தான் வரவேண்டும் என்று இவர்களே சொல்லி வைத்திருந்த ஏற்பாடு. அந்த அம்மாவுக்குப் போன் செய்தால் இந்த மேசையில்தான் மணி அடிக்கும்.

“கொக்கு, வண்டியை எடு.”

“நீயா? என் ஸ்கூட்டர்லயா? கீழ டீக்கடைக்குக் கூப்பிட்டாலே ஆட்டோ கேப்பியேக்கா!”

“பேசாம எடுடா!”

அந்த “டா” அவரைப் படியில் இரண்டிரண்டாக இறங்க வைத்தது.

அந்தப் பயணத்தைப் பற்றி கொக்கு பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். அவள் அவர் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான்கள் முன்பக்கம் தெறித்து ஒரு போக்குவரத்துக் காவலரின் தொப்பியில் பட்டதாம். சிக்னல்கள் அவள் அலறல் கேட்டுத் தாமாகவே பச்சைக்கு மாறினவாம். இதில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி என்னவென்றால், வழியெல்லாம் அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். எங்காவது புகை தெரிகிறதா என்று கூரைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு “போச்சு, போச்சு” என்று அவர் முதுகில் குத்தினாள். அவர் அன்றைக்கு வாங்கின குத்துக்கு அவருக்கே ஓர் ஒத்தடப் பை தேவைப்பட்டிருக்கும்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. பின்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். எண் பார்த்து நின்றார்கள். வாசல் பக்கத்து ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே சத்தமில்லை. அவள் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மூக்கை இடுக்கில் வைத்தாள். ஏதோ ஒரு வாசனை. இஸ்திரிப் பெட்டியை மறந்து துணிமேல் வைத்துவிட்டால் முதலில் வருமே, அந்த வாசனை.

“கொக்கு, உனக்கு வருதா?”

அவர் கழுத்தை நீட்டினார். மூக்கைச் சுருக்கினார். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. இரண்டு கையாலும் அடித்தாள்.

உள்ளே செருப்பு இழுபடும் சத்தம். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு மூக்குக் கண்ணாடி.

“யாரு? எதுக்குக் கதவை உடைக்கிறீங்க?”

“அம்மா, உங்க பையன் ஒரு ஒத்தடப் பை அனுப்பினாரே…”

“ஆமா. என் பையன் அனுப்பினது. அதுக்கென்ன?”

“அதுல கோளாறு இருக்கும்மா. நெருப்புப் பிடிக்கும். இப்ப அது எங்க இருக்கு?”

“மெத்தையில. சூடாகட்டும்னு போட்டுட்டு அடுப்படிக்குப் போனேன். நீங்க யாரு?”

“நாங்க அதை வித்த கடைம்மா. முதல்ல அதை நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம்.”

கண்ணாடி இடுக்கில் இன்னும் நெருங்கியது. “கடையா? என் பையன் கப்பலுக்குப் போறப்ப சொல்லிட்டுத்தான் போனான். யாராவது வந்து பார்சல், பில்லு, கோளாறுன்னு சொன்னா கதவைத் திறக்காதன்னு. பில்லு இருக்கா?”

கொக்கு சட்டைப் பையிலிருந்து மடித்த நகலை இடுக்கில் நீட்டினார். உள்ளேயிருந்த விரல்கள் அதைப் பறித்தன.

“இதுல என் பையன் ஃப்ளாட்டு போட்டிருக்கு. பொருள் வந்தது எனக்கு. என் வீடு எங்க இதுல?”

“மேற்படின்னு இருக்கும்மா” என்றார் கொக்கு. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மேற்படியா? நான் மேற்படியா? சரி, செஞ்சது யாரு? நீங்களா?”

“இல்லம்மா. அது வேற ஒரு கம்பெனி.”

“அவங்கதான் உங்களுக்குக் கொடுத்தாங்களா?”

“இல்ல, நடுவுல இன்னொருத்தர்…”

“காசு ஒரு வீடு, பொருள் ஒரு வீடு, செஞ்சது ஒருத்தன், அனுப்பினது ஒருத்தன், கேக்க வந்தது நீங்க ரெண்டு பேரு! திருட்டுக் கும்பல்கூட இத்தனை பேரா வராது. போங்க, போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்கம்மா! நல்லா கூப்பிடுங்க! ஆனா முதல்ல அந்த ஸ்விட்சை…”

கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது.

அவள் வாசலில் நின்றாள். உண்மையைச் சொல்லியாயிற்று. உண்மை எவ்வளவு பொய் மாதிரி இருக்கிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. வருஷக்கணக்காக அவள் அடித்த ஒவ்வொரு பில்லும் இப்படித்தான் யாருக்கோ தெரிந்திருக்கும். உள்ளே அந்தச் செருப்புச் சத்தம் அடுப்படிப் பக்கம் திரும்பியது. மெத்தைப் பக்கம் போகவில்லை. வாசனை இப்போது மூக்கை இடுக்கில் வைக்காமலே வந்தது.

“அக்கா, பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிடறேன்” என்று கொக்கு ஓடினார்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வாசற்சுவரில், செருப்பு அலமாரிக்கு மேலே, இரும்புப் பெட்டி ஒன்று. உள்ளே மீட்டர். பக்கத்தில் வீட்டின் மெயின் சுவிட்ச், ஒரு தடித்த கைப்பிடியோடு. பெட்டியின் மூடி துருப்பிடித்திருந்தது. ஒயர் ஒன்று வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

தன் வீட்டில் பல்பு போனால்கூட அவள் மாற்றமாட்டாள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பாள். இப்போது முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூடினால் தவறாகப் பிடித்துவிடுவோமோ என்று பயந்து திறந்தாள். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

டப்பென்று ஒரு சத்தம். அவள் செத்துவிட்டதாக முடிவு செய்தாள். இவ்வளவு சீக்கிரமாகவா, மகளுக்குச் சொல்லவில்லையே என்றுகூட யோசித்தாள். உள்ளே மின்விசிறியின் முனகல் இறங்கி இறங்கி நின்றது.

“எவடி அது!” என்று கர்ஜனை. சங்கிலி கழன்றது. கதவு விரியத் திறந்தது. அந்த அம்மா கையில் தோசைத் திருப்பியோடு நின்றார். குள்ளமான உருவம், இடுப்பில் ஒரு பக்கம் சாய்வு. இவள் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கைக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினாள்.

“திருடி! திருடி!” என்று தோசைத் திருப்பி பின்னால் வந்தது.

படுக்கையறையில் மெல்லிய புகை, ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் கோடாக நின்றது. மெத்தை நடுவில் பை. அவள் ஒயரைப் பிடுங்கி, தலையணை உறையால் பையைப் பிடித்துத் தூக்கினாள். அதோடு படுக்கை விரிப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. விரிப்பில் ஓட்டை. அதற்குக் கீழே மெத்தையில், ஒரு ஆள் முதுகு அளவுக்குப் பழுப்பு. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. தலைமாட்டிலிருந்த சொம்பை எடுத்து ஊற்றினாள். உஸ்ஸென்றது.

அந்த அம்மா அறை வாசலில் நின்று அதைப் பார்த்தார். தோசைத் திருப்பி மெதுவாகக் கீழே இறங்கியது.

“நான் இப்ப வந்து படுக்கத்தான் இருந்தேன்” என்றார். “தோசை ஒண்ணு சாப்பிட்டுட்டு படுக்கலாம்னு போனேன்.”

“நல்லவேளை பசிச்சுதே உங்களுக்கு” என்றாள் இவள். சொல்லிவிட்டு, அந்தப் பையை இன்னும் கையில் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கொக்கு பக்கத்து வீட்டு மனிதரோடு ஓடி வந்தார். ஒத்தடப் பை முற்றத்துக்குப் போயிற்று. அதன் மேல் ஒரு வாளித் தண்ணீர். மெத்தையைத் தூக்கி வெளியே போட்டார்கள். பக்கத்து வீட்டு மனிதர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, “எந்தக் கடை?” என்று கேட்டார். கொக்கு விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அவர் போய்விட்டார்.

எல்லோரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். சுட்டு வைத்த தோசை ஆறிக் கிடந்தது. அந்த அம்மா அதை இரண்டாகக் கிழித்து இருவருக்கும் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லப் பயந்து இவள் வாங்கிக்கொண்டாள்.

“என் பையனுக்குச் சொல்லாதீங்க” என்றார் அவர். “நடுக்கடல்ல இருக்கான். பயந்துருவான். இங்க வரவும் முடியாது, அங்க தூங்கவும் முடியாது.”

“சொல்லாம இருக்க முடியாதும்மா. வாங்கினவர் அவர். கோளாறான பொருளுக்கு நாங்க பணத்தைத் திருப்பணும். அந்தச் சீட்டு அவர் பேருக்குத்தான் போகும். ஏன்னு காரணம் எழுதணும்.”

“காரணத்துல வேற ஏதாவது எழுதேன். நிறம் பிடிக்கலன்னு எழுது.”

அவள் தோசையை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் எழுதிவிடலாம் போலத்தான் இருந்தது.

“நான் பாதி எழுதி ஒருத்தரைத் தொலைக்கப் பாத்தேன்மா. இனிமே எதையும் முழுசாத்தான் எழுதுவேன்.”

“அப்ப நானே சொல்றேன்” என்றார் அவர். “அடுத்த துறைமுகம் வந்ததும் கூப்பிடுவான். உன் சீட்டு அதுக்கப்புறம் போகட்டும். நீ எழுதினா உன் பயமெல்லாம் அதுல இருக்கும். நான் சொன்னா, தோசை கருகிப்போச்சுங்கிற மாதிரி சொல்லுவேன்.”

“அது சரிம்மா” என்றாள்.

“இன்னொண்ணு. அந்த பில்லுல என் விலாசத்தை முதல்ல எழுது. நான் பார்க்கணும்.”

கொக்கு பேனாவை நீட்டினார். “பொருள் பெறுபவர்” கட்டத்தில் இருந்த சொல்லை ஒரு கோட்டில் அடித்துவிட்டு, வீட்டு எண், தெரு, தண்ணீர்த் தொட்டி, பின்கோடு என்று கட்டத்துக்கு வெளியே வழியும்வரை எழுதினாள். அந்த அம்மா வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிப் படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னார்.

அப்போதுதான் அடுப்படி இருட்டாக இருப்பது மூவருக்கும் உறைத்தது. வெளியே வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

“மெயினைப் போடணுமே” என்றார் கொக்கு, இவளைப் பார்த்து.

“நானா? நீ போடு.”

“நீதானேக்கா இறக்கினே. ஏத்தவும் நீயே…”

“இறக்கினது வேற. ஏத்தறது வேற. பெட்டியில ஒரு ஒயர் வெளிய தொங்குது, பாத்தியா நீ?”

“பாத்தேன். அதனாலதான் உன்னைச் சொல்றேன்.”

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வாசலுக்குப் போனார். செருப்பு இழுபடும் சத்தம் நின்றது. பெட்டி மூடி கிறீச்சிட்டது.

“அம்மா, கையைத் துணியில சுத்திக்கோங்கம்மா!” என்று இவள் உள்ளேயிருந்தே கத்தினாள்.

“சும்மா இருடி” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. விளக்கு எரிந்தது.